0.05-க்கு வந்துவிட்ட ஷார்ட் ஆப்ஷனை எக்ஸ்பைரிக்கு முன்பே திரும்ப வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் விற்ற புட் ஆப்ஷன் 1.20-லிருந்து 0.05-க்கு இறங்கிவிட்டது. இன்னும் 6 நாள்தான். சும்மா விட்டாலே பூஜ்யமாகிவிடுமே, எதற்குக் காசு கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும்?

பெரும்பாலும் பூஜ்யமாகத்தான் போகும். ஆனால் அந்த 6 நாளும் உங்கள் பணம் எங்கே இருக்கிறது என்பதைப் பாருங்கள்.

ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு கடைசி வரை அதையே பிடித்துப் போவோம். ஒரு பங்கு 53-ல் இருந்தபோது, 50 ஸ்ட்ரைக் புட் ஒன்றை 35 நாள் எக்ஸ்பைரிக்கு 1.20-க்கு விற்றீர்கள். ஒரு லாட்டுக்கு 100 பங்கு, ஆக கைக்கு வந்தது 120. பங்கு விழுந்தால் 50-க்கு வாங்கியாக வேண்டும் என்பதால் 5000-ஐ முழுப் பணமாக ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள். 29 நாள் ஓடிவிட்டது. பங்கு 56-க்கு ஏறிவிட்டது. புட்டின் விலை 0.05.

120-ல் 115 ஏற்கெனவே உங்களுடையது. மீதம் இருப்பது வெறும் 5. கடந்த 29 நாளில் நாளொன்றுக்குச் சராசரியாக 4 வீதம் சம்பாதித்த அதே 5000, அடுத்த 6 நாளுக்கு நாளொன்றுக்கு 0.83 வீதம்தான் சம்பாதிக்கப் போகிறது. பூட்டி வைத்த தொகை அப்படியே இருக்கிறது, கூலி ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. அந்த 5-ஐக் கொடுத்து வெளியே வந்தால் 5000 இன்றே விடுபடும். திரும்ப வாங்குவதற்கான முதல் காரணம் இதுதான்.

96 சதவீத லாபம் வந்துவிட்டது, அதனால் மூடு என்கிறார்கள். அந்தச் சதவீதத்தை வைத்தே முடிவெடுக்கலாமா?

அந்தச் சதவீதம் நடந்து முடிந்ததைச் சொல்கிறது. முடிவெடுக்க வேண்டியது இனி நடப்பதைப் பற்றி.

நான் எப்போதும் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு: கையில் எந்தப் பொசிஷனும் இல்லை, 5000 சும்மா இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குப் புதிதாக, இந்தப் புட்டை 0.05-க்கு விற்று, 5 வாங்கிக்கொண்டு, 6 நாளுக்கு 5000-ஐப் பூட்டுவீர்களா? மாட்டேன் என்றால், ஏற்கெனவே விற்றதை வைத்துக்கொண்டிருப்பதும் கிட்டத்தட்ட அதே முடிவுதான். 1.20-க்கு விற்றீர்களா, 0.30-க்கு விற்றீர்களா என்பது இன்றைய கேள்விக்குச் சம்பந்தமே இல்லாதது.

'கிட்டத்தட்ட' என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. புதிதாக விற்கப் போனால் பிட் விலைக்குத்தான் விற்க முடியும். திரும்ப வாங்கப் போனால் ஆஸ்க் விலை கொடுக்க வேண்டும். இந்த அளவுக்கு இறங்கிவிட்ட ஆப்ஷனில் பிட் 0.00 ஆகவும் ஆஸ்க் 0.05 ஆகவும் இருப்பது சகஜம். அந்த இடைவெளியும் தரகுக் கட்டணமும்தான் நீங்கள் வெளியேறக் கொடுக்கும் உண்மையான விலை.

விடுபட்ட 5000-ஐ வைத்து அடுத்து ஒரு புட் விற்றால் எவ்வளவு கூடுதலாக வரும்? கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

அதே மாதிரி இன்னொரு பங்கு 53-ல் இருக்கிறது, அதன் 50 ஸ்ட்ரைக் புட் 34 நாள் எக்ஸ்பைரிக்கு 1.10-க்குப் போகிறது என்று வைப்போம். விற்றால் 110. இதை 34-ஆல் வகுத்தால் நாளுக்கு 3.2 வருகிறது. ஆனால் ஆப்ஷனின் காலமதிப்பு தினமும் சம அளவில் கரைவதில்லை. பங்கும் ஏற்ற இறக்க எதிர்பார்ப்பும் நகராமல் இருந்தால், முதல் 6 நாளில் ஏறத்தாழ 15 முதல் 20 வரை கரையும் என்று எடுத்துக்கொள்ளலாம். பழைய புட்டில் அதே 6 நாளுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 5.

வருடக் கணக்காகப் பார்த்தால் படம் இன்னும் தெளிவாகும். ஒவ்வொரு முறையும் 35 நாள் காத்திருந்தால் வருடத்துக்குச் சுமார் 10.4 சுற்று. ஒவ்வொன்றிலும் 120 என்றால் 1250 சொச்சம். 29-ஆம் நாளே 5 கொடுத்து மூடினால் சுமார் 12.6 சுற்று. சுற்றுக்கு 115 என்றால் 1450-ஐ நெருங்கும். 5000 முதலுக்கு 200 கூடுதல் என்பது சின்ன விஷயம் இல்லை.

இங்கேதான் நிதானம் வேண்டும். எல்லாச் சுற்றும் லாபத்தில் முடிந்தால்தான் அந்த 200 வரும். சுற்றுகள் கூடினால் நஷ்டச் சுற்றுகளும் அதே விகிதத்தில் கூடும். அதோடு, 29-ஆம் நாளே 0.05-க்கு வந்துவிடும் ஆப்ஷன் என்பது பங்கு உங்களுக்குச் சாதகமாக நகர்ந்த சமயத்தில் மட்டுமே கிடைப்பது. பங்கு 50-ஐ ஒட்டியே ஊசலாடிக்கொண்டிருந்தால் 6 நாள் இருக்கும்போதும் அந்தப் புட் 1.00-ஐ ஒட்டி நிற்கும்.

இன்னொன்று. பழைய புட்டில் இப்போது ரிஸ்க் மிகக் குறைவு, பங்கு 10 சதவீதத்துக்கு மேல் விழுந்தால்தான் அடி. புதிய புட்டில் 6 சதவீதம் விழுந்தாலே ஸ்ட்ரைக் வந்துவிடும். கூடுதலாகக் கிடைக்கும் 10, 15 என்பது பெரும்பாலும் கூடுதல் ரிஸ்க்குக்கான சம்பளம். அந்த ரிஸ்க்கை எடுப்பதுதான் உங்கள் வேலை என்றால் பணத்தை விடுவிப்பது சரி. அடுத்து எதை விற்பது என்றே தெரியாமல், 'பணம் சும்மா இருக்கக் கூடாது' என்பதற்காக மட்டும் ஒரு புட்டைத் தேடிப் பிடித்து விற்றால், 5 மிச்சம் பிடிக்கப் போய் 500 இழக்க நேரலாம்.

நான் முழுப் பணம் ஒதுக்குவதில்லை, மார்ஜினில்தான் விற்கிறேன். எனக்கும் இதே கணக்குதானா?

இல்லை, நிறையவே மாறும்.

பங்கு ஆப்ஷன்களுக்குப் பரவலாகப் பயன்படும் ஒரு சூத்திரம் இப்படிப் போகும்: பங்கு மதிப்பில் 20 சதவீதம் எடுத்து, ஸ்ட்ரைக் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அதைக் கழி; வருவது ஸ்ட்ரைக் மதிப்பின் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த 10 சதவீதத்தையே வை; அதோடு ஆப்ஷனின் இன்றைய விலையைச் சேர். நம் உதாரணத்தில் விற்ற அன்று:

```
0.20 × 5300 − 300 + 120 = 880
```

இன்று, பங்கு 56-ல், புட் 0.05-ல்:

```
0.20 × 5600 − 600 + 5 = 525
```

அதாவது நீங்கள் எதுவுமே செய்யாமல் மார்ஜின் 880-லிருந்து 525-க்குத் தானாகவே இறங்கிவிட்டது. திரும்ப வாங்கினால் விடுபடுவது 5000 அல்ல, 525 மட்டும். 5-ஐ 525-ஆல் வகுத்தால் 6 நாளுக்கு 0.95 சதவீதம். முழுப் பணம் ஒதுக்கியவருக்கு அதே 5, அதே 6 நாளுக்கு 0.1 சதவீதம்தான். ஆக, மார்ஜினில் விற்பவருக்கு 'பணத்தை விடுவிக்கிறேன்' என்ற காரணம் பல மடங்கு பலவீனமானது. விடுபடும் 525-ஐ மட்டும் வைத்து மேலே சொன்ன புதிய புட்டை விற்கவும் முடியாது, அதற்கு 870 வேண்டும்.

இதற்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. சிகாகோ மெர்க்கன்டைல் எக்ஸ்சேஞ்ச் 1988-இல் கொண்டுவந்த ஸ்பேன் முறையில் மார்ஜின் போடும் சந்தைகள் உலகம் முழுக்க உண்டு. அந்த முறையில், எவ்வளவு தூரம் தள்ளி இருக்கும் ஷார்ட் ஆப்ஷனுக்கும் குறைந்தபட்சம் இவ்வளவு என்று ஒரு தொகையைப் பிடிக்க வழி உண்டு. அப்படிப் பிடித்திருந்தால், விலை 0.05 ஆனாலும் 0.01 ஆனாலும் அந்தத் தொகை கீழே இறங்காது. உங்கள் லாட் எண்ணிக்கை பெரிதாக இருந்தால் அது கூடிக் கணிசமாக நிற்கும்.

எனவே யூகிக்காதீர்கள். ஆர்டர் போடும் திரையில் திரும்ப வாங்கும் ஆர்டரை நிரப்பி, அனுப்புவதற்கு முன் மார்ஜின் எவ்வளவு மாறும் என்று காட்டும் முன்னோட்டத்தைப் பாருங்கள். அநேகமாக எல்லாப் புரோக்கர்களிடமும் அது இருக்கிறது. அங்கே காட்டும் தொகைதான் உங்கள் வகுக்கும் எண்.

பணம் விடுபடுவதை விடுங்கள். ரிஸ்க்குக்காகத் திரும்ப வாங்குவது நியாயமா? 6 நாளில் 10 சதவீதம் விழுமா என்ன?

பெரும்பாலான வாரங்களில் விழாது. கேள்வி அதுவல்ல, எத்தனை வாரத்துக்கு ஒரு முறை விழுந்தால் அந்த 5 போதாமல் போகும் என்பதுதான்.

கணக்கு எளிது. மோசமான செய்தி வந்து பங்கு 47.50-இல் திறந்தால் உங்கள் நஷ்டம் 250. நீங்கள் காத்திருந்து பெறப்போவது 5. ஐந்தை 250-ஆல் வகுத்தால் 2 சதவீதம். அப்படிப்பட்ட வீழ்ச்சிக்கு 50-இல் ஒன்றுக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது என்று நினைத்தால் வாங்கிவிடுங்கள். 45-இல் திறக்கும் என்று பயந்தால் நஷ்டம் 500, அதற்கு 100-இல் ஒன்று போதும். மருந்து நிறுவனம் ஒன்றின் சோதனை முடிவு வரப்போகிறது, கம்பெனியின் காலாண்டு முடிவு அந்த 6 நாளுக்குள் வருகிறது என்றெல்லாம் இருந்தால் அந்த வாய்ப்பு நிச்சயம் கூடுதல். ஒன்றுமே வராத வாரம் என்றால் குறைவு.

விலை மிகக் குறைவாக இருப்பதால் ஆபத்தும் குறைவு என்று ஒரு மயக்கம் வரும். 2011 செப்டம்பர் முதல் சுவிஸ் மத்திய வங்கி ஒரு யூரோவுக்கு 1.20 ஃபிராங்க் என்ற தரைவிலையைத் தாங்கிப் பிடித்திருந்தது. 1.20-க்குக் கீழே யூரோ போகாது என்று நம்பியவர்கள் நிறைய பேர். 2015 ஜனவரி 15 அன்று, முன்னறிவிப்பே இல்லாமல், வங்கி அந்தத் தரையை எடுத்துவிட்டது. சில நிமிடங்களில் யூரோ ஒரு ஃபிராங்குக்கும் கீழே போனது. 1.20-க்குக் கீழான புட்களைச் சொற்பப் பிரீமியத்துக்கு விற்று வைத்திருந்த ஒருவருக்கு, நடுவில் நிறுத்தி வெளியேற ஒரு விலைகூடக் கிடைத்திருக்காது. ஸ்டாப் லாஸ் போட்டிருந்தாலும் அது எங்கோ கீழேதான் நிறைவேறியிருக்கும்.

ஷார்ட் கால் விற்றவர்களுக்கும் இது உண்டு, திசை மட்டும் வேறு. ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கப் போகிறது என்ற அறிவிப்பு பெரும்பாலும் சந்தை திறப்பதற்கு முன்பே வந்துவிடும். நேற்று 0.05-க்கு இருந்த கால், இன்று திறக்கும்போதே பல மடங்கில் நிற்கும். கையில் பங்கு வைத்துக்கொண்டு கால் விற்றவருக்கு அதிகப்படி லாபம் கைநழுவும், அவ்வளவுதான். பங்கு இல்லாமல் விற்றவருக்கு நஷ்டத்துக்கு எல்லையே இல்லை.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சந்தை அந்த ஆப்ஷனுக்கு 0.05 என்று விலை வைத்திருப்பதே இந்த அபூர்வ வீழ்ச்சிகளை எடைபோட்டுத்தான். அதனால் திரும்ப வாங்குவது எப்போதுமே லாபகரமான புத்திசாலித்தனம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. சராசரியில் நீங்கள் பிட்-ஆஸ்க் இடைவெளியும் கட்டணமும் இழப்பீர்கள். பதிலுக்கு, கணக்கையே காலி செய்யக்கூடிய ஒரு நாளை வாங்கிக் கழித்துவிடுகிறீர்கள். அது காப்பீட்டுப் பிரீமியம் மாதிரி. மலிவாகக் கிடைக்கும்போது வாங்குவது தப்பில்லை.

எந்த விலைக்கு ஆர்டர் போட வேண்டும்? 0.05 என்று காட்டினால் 0.05 கொடுத்தே தீர வேண்டுமா?

அந்த ஆப்ஷனின் டிக் அளவு என்ன என்று முதலில் பாருங்கள். விலை 0.05, 0.10, 0.15 என்று மட்டுமே நகரக்கூடிய ஆப்ஷன் என்றால் 0.05 என்பதே மிகக் குறைந்த விலை. அந்த ஆப்ஷனின் நியாயமான மதிப்பு 0.01-ஆகவோ 0.02-ஆகவோ இருக்கலாம், ஆனாலும் அதற்குக் கீழே யாரும் விலை போட முடியாது. இதை உணராமல் '0.05-க்கு வந்துவிட்டது' என்று உடனே வாங்கினால் இருமடங்கு, சில சமயம் ஐந்து மடங்கு கொடுக்கிறீர்கள். அப்போது ரிஸ்க் காரணமோ பண விடுவிப்புக் காரணமோ உண்மையிலேயே பலமாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

0.01 வீதம் நகரும் ஆப்ஷன் என்றால் பிட் 0.01, ஆஸ்க் 0.05 என்று நிற்கும்போது நேராக 0.05-க்குப் பாயத் தேவையில்லை. 0.02-க்கு ஒரு லிமிட் ஆர்டர் போட்டுக் கொஞ்சம் பொறுங்கள். கிடைக்கவில்லை என்றால் 0.03. 100 லாட் வைத்திருப்பவருக்கு 0.02 மிச்சம் என்பது 200.

மார்க்கெட் ஆர்டர் மட்டும் போடவே கூடாது. இந்த மாதிரி செத்துப்போன ஸ்ட்ரைக்குகளில் 0.05-க்கு விற்க நிற்பவர் 2 லாட் மட்டும் வைத்திருப்பார், அதற்கு அடுத்த ஆர்டர் 0.40-இல் நிற்கும். 10 லாட்டுக்கு மார்க்கெட் ஆர்டர் அடித்தால் முதல் 2 லாட் 0.05-க்கும் மீதி 8 லாட் 0.40-க்கும் முடியும். 50 கொடுத்து முடிக்க வேண்டியதற்கு 330 கொடுத்திருப்பீர்கள்.

எனக்கு தினமும் திரை பார்க்க நேரம் இல்லை. இதைத் தானாக நடக்க வைக்க முடியுமா?

முடியும், அதுதான் நல்ல பழக்கமும்கூட. புட்டை விற்றதுமே, அதே லாட் எண்ணிக்கைக்கு 0.05-க்கு `Buy to Close` ஆர்டர் ஒன்றை, நீங்கள் நீக்கும் வரை நிலுவையில் நிற்கும் `GTC` வகையில் போட்டு வைத்துவிடுங்கள். பங்கு ஒரு நாள் சட்டென்று ஏறி, புட்டின் விலை நடுப்பகலில் அரைமணி நேரம் 0.05-ஐத் தொட்டுவிட்டுத் திரும்பினாலும் உங்கள் ஆர்டர் வரிசையில் முன்னால் நிற்கும். அந்த விலைக்குப் பின்னால் வந்து நிற்பவர்களைவிட உங்களுக்கு முதலில் கிடைக்கும்.

இதில் ஒரே ஒரு கண்ணி இருக்கிறது. வேறு விதத்தில் பொசிஷனை மூடிவிட்டு, நிலுவையில் இருக்கும் இந்த ஆர்டரை நீக்க மறந்துவிடுவது. மூடுவதா திறப்பதா என்று பிரித்துச் சொல்லாமல் வெறும் வாங்கு, விற்பனை என்று மட்டும் ஆர்டர் எடுக்கும் சந்தைகளில், அந்த ஆர்டர் நிறைவேறினால் உங்களுக்கு வேண்டாத ஒரு லாங் ஆப்ஷன் கைக்கு வந்துவிடும். நஷ்டம் 5-தான், ஆனால் கணக்கில் குழப்பம். நிலுவை ஆர்டர் பட்டியலை வாரத்துக்கு ஒரு முறை பாருங்கள், போதும்.

தரகுக் கட்டணமே 5-இல் பெரும்பகுதியைத் தின்றுவிடாதா?

தின்றுவிடும். லாட்டுக்கு 1 கட்டணம் என்றால் 5 கொடுக்க வேண்டிய இடத்தில் 6 போகிறது. எக்ஸ்பைரியில் பூஜ்யமாகப் போக விட்டால் பெரும்பாலும் அந்தக் கட்டணமும் இல்லை. 0.01-க்கு வாங்கினாலோ ஆப்ஷனின் விலையும் கட்டணமும் சமம். விலை மிகக் குறைவாக இருக்கும்போது மூடும் ஆர்டருக்குக் கட்டணமே வாங்காத புரோக்கர்களும் இருக்கிறார்கள். உங்கள் புரோக்கரின் கட்டணப் பட்டியலில் அந்த வரி இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். இருந்தால் இந்த முடிவு பாதி சுலபமாகிவிடும்.

நான் விற்றது ஸ்ப்ரெட். 50 புட்டை விற்று 45 புட்டை வாங்கியிருக்கிறேன். இரண்டையும் சேர்த்தே மூட வேண்டுமா?

வேண்டாம். விற்ற 50 புட்டை மட்டும் திரும்ப வாங்குங்கள்.

இந்த ஸ்ப்ரெட்டுக்கு உங்களிடம் பிடித்து வைத்திருப்பது ஸ்ட்ரைக் இடைவெளியான 5, அதாவது லாட்டுக்கு 500. அந்த 500-ஐப் பிடித்து வைக்கக் காரணம் நீங்கள் விற்ற 50 புட்தான். அதை 0.05-க்கு வாங்கிவிட்டால் 500 முழுக்க விடுபடும். மீதமிருக்கும் 45 புட்டுக்கு மார்ஜின் எதுவும் தேவையில்லை. அதன் பிட் 0.00 என்று நிற்கும், விற்கப் பார்த்தாலும் வாங்க ஆள் இருக்காது. இரண்டையும் ஒரே ஆர்டரில் மூட முயன்றால் அந்த 45 புட்டுக்கு எதிர்முனையில் ஆள் கிடைக்காமல் ஆர்டரே தொங்கும், அப்புறம் கட்டணமும் இரண்டு ஆப்ஷனுக்கு. அதை அப்படியே விட்டுவிடுங்கள். அதற்குள் சந்தை தலைகீழாக விழுந்தால் அது உங்களுக்கு இலவசமாகக் கிடைத்த லாங் புட்.

வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். 45 புட்டை யாரோ 0.02-க்குக் கேட்கிறார் என்று அதை முதலில் விற்றால், 50 புட் பாதுகாப்பில்லாமல் தனியாக நிற்கும். அந்த நொடியே மார்ஜின் 500-லிருந்து தனி ஷார்ட் புட்டுக்கான தொகைக்குத் தாவும். கணக்கில் அவ்வளவு இல்லை என்றால் புரோக்கர் ஆர்டரையே மறுப்பார். மறுக்காவிட்டால் அதைவிட மோசம்.

எக்ஸ்பைரி நாளே வந்துவிட்டது. பங்கு ஸ்ட்ரைக்குக்கு மேலேதான் இருக்கிறது. இன்னமும் வாங்க வேண்டுமா?

ஸ்ட்ரைக்கிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தது. 56-இல் இருந்தால் விட்டுவிடலாம், சில மணி நேரத்துக்காக 5 கொடுப்பதில் அர்த்தமில்லை. 50.30-இல் நின்றால் அது வேறு கதை.

பணமாகவே தீர்க்கப்படும் இண்டெக்ஸ் ஆப்ஷன் என்றால், இறுதி விலை எதுவோ அதோடு முடிந்தது. பங்கைக் கொடுத்து வாங்கித் தீர்க்கும் ஆப்ஷனில் அப்படி முடியாது. உதாரணமாக அமெரிக்கப் பங்கு ஆப்ஷன்களில், சந்தை மாலை 4 மணிக்கு மூடிய பிறகும், ஆப்ஷனை வாங்கி வைத்திருப்பவர் நியூயார்க் நேரப்படி 5.30 வரை தன் உரிமையைப் பயன்படுத்துவதாகச் சொல்ல அவகாசம் உண்டு. 50.30-இல் மூடிய பங்கைப் பற்றி 4.20-க்கு ஒரு கெட்ட செய்தி வந்து, அது சந்தை நேரத்துக்கு அப்புறம் 47-க்கு விழுந்தால், காகிதத்தில் செல்லாக்காசாக முடிந்த உங்கள் 50 புட்டை எதிர்முனையில் இருப்பவர் பயன்படுத்திவிடலாம். அடுத்த வர்த்தக நாள் காலையில் உங்கள் கணக்கில் 50-க்கு வாங்கிய 100 பங்கு உட்கார்ந்திருக்கும். 5000 ஒதுக்கி வைத்தவருக்கு அது ஒரு நஷ்டம். மார்ஜினில் 525 மட்டும் வைத்திருந்தவருக்கு அது மார்ஜின் கால்.

ஸ்ட்ரைக்கை ஒட்டி நிற்கும் ஷார்ட் ஆப்ஷனை எக்ஸ்பைரி நாளில், சந்தை மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது வாங்கிவிடுவதுதான் என் வழக்கம். 0.05 அல்ல, 0.10 கேட்டாலும் கொடுத்துவிடுவேன்.

எப்போது வாங்காமல் இருப்பது சரி?

பணத்துக்கு அடுத்த வேலை எதுவும் தயாராக இல்லை, அந்த வாரத்தில் எந்த அறிவிப்பும் வரவில்லை, ஸ்ட்ரைக் வெகு தொலைவில், பிட் 0.00, டிக் 0.05, கட்டணமும் உண்டு: இந்த ஆறும் சேர்ந்திருந்தால் விட்டுவிடுவேன். முழுப் பணம் ஒதுக்கிய கணக்கில், ஒதுக்கிய தொகைக்கே வட்டி தரும் புரோக்கரிடம் இருப்பவருக்கும் அவசரம் குறைவு, ஏனென்றால் அவருடைய 5000 உண்மையில் முழுக்கச் சும்மா இல்லை.

அப்புறம், அந்தப் பங்கை ஸ்ட்ரைக் விலைக்கு வாங்கிக்கொள்ள நீங்கள் மனதார விரும்பித்தான் புட் விற்றீர்கள் என்றால், மேலே சொன்ன ரிஸ்க் பேச்சில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. 50-க்கு வாங்குவது உங்களுக்கு நஷ்டக் கதையல்ல, திட்டத்தின் ஒரு பகுதி. உங்களுக்கு மிச்சம் இருப்பது ஒரே கேள்விதான்: இந்த 5000, அடுத்த 6 நாளில், 5-க்கு மேல் வேறெங்காவது சம்பாதிக்குமா?